டிரான்ஸ்பார்மரை விடுங்க, மின்தேக்கியைத் தொடாதீங்க

மக்களே, தலைப்பைப் பார்த்துட்டு மின்வாரிய எச்சரிக்கைப் பலகைன்னு நினைச்சு ஓடிடாதீங்க. இது கலைச்சொல் சண்டை. ரொம்ப நாளா மனசுக்குள்ளேயே வச்சிருந்தேன், இன்னிக்குக் கொட்டிடறேன். திட்டுறதா இருந்தா முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க.

எங்க தெருமுனையில பழுதுபார்க்கிற கடை ஒண்ணு இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அங்கே நாலஞ்சு பசங்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித் தரேன். சம்பளம் டீயும் ரெண்டு வடையும். பசங்க பத்தாவது, பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ்ல படிச்சவங்க. அவங்களுக்காக ஒவ்வொரு வாரமும் ரெண்டு பக்கக் குறிப்பு எழுதி நகலெடுத்துக் கொடுப்பேன். அந்தக் குறிப்பை ரெண்டு பேர் படிச்சாங்க. ஒருத்தர் எங்க பழைய தமிழய்யா. "தமிழ்ல எழுதறேன்னு சொல்லிட்டு டிரான்ஸ்பார்மர்னு எழுதியிருக்கியே, மின்மாற்றின்னு அழகான சொல் இருக்கேப்பா" என்றார். இன்னொருத்தன் என்கூடப் படிச்ச எஞ்சினியர். "மின்தேக்கியா? யாருக்குடா புரியும்? கெப்பாசிட்டர்னு எழுதித் தொலையேன்" என்றான்.

ரெண்டு பேர் மேலயும் எனக்கு மரியாதை உண்டு. ஆனா ரெண்டு பேருமே தப்பு. அய்யா எல்லாச் சொல்லையும் தமிழாக்கணும்கிறார். நண்பன் எதையும் தொடாதேங்கறான். அந்தச் சொல் அந்தப் பக்கத்துல என்ன வேலை செய்யப் போகுதுன்னு ரெண்டு பேரும் கேட்கலை. இந்தச் சண்டை இன்னிக்கு நேத்து வந்ததும் இல்லை. 1916-லேயே சேலத்துல இராஜாஜியும் நண்பர்களும் தமிழ்ல அறிவியல் சொற்களுக்காகன்னே ஒரு சங்கம் வச்சு இதழ் நடத்தினாங்க. நூறு வருஷம் தாண்டியும் நாம இன்னும் 'தமிழா, இங்கிலீஷா'ன்னு அதே திண்ணையில உட்கார்ந்திருக்கோம்.

எனக்கு இந்த விஷயத்துல கருத்து வந்தது படிச்சு இல்லை. ரெண்டு தடவை அடிபட்டு வந்தது.

முதல் அடி சுத்தத் தமிழால. ஆரம்பத்துல நானும் அய்யா கட்சிதான். முதல் வாரக் குறிப்பு முழுக்க மின்மாற்றி, இருமுனையம், திரிதடையம். பசங்க மனப்பாடமே பண்ணிட்டாங்க. அடுத்த வாரம் சின்னதா ஒரு பவர் சப்ளை கட்டலாம்னு ஒருத்தனை ரிச்சி தெருவுக்கு அனுப்பினேன். கடையில போய் "அண்ணே, நாலு இருமுனையம் குடுங்க"ன்னு கேட்டிருக்கான். கடைக்காரர் உள்ளே இருந்த ஆளைக் கூப்பிட்டு இவனைத் திரும்பச் சொல்லச் சொல்லி, ரெண்டு பேரும் சிரிச்சிருக்காங்க. பையன் வெறுங்கையோட திரும்பி வந்தான். முகம் செத்துப் போயிருந்தது. "டையோடுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றான். நாலாயிரத்து ஏழு டையோடு, விலை ரெண்டு மூணு ரூபாய். அதுக்கு அவன் பட்ட அவமானம் ரொம்ப அதிகம்.

அடிபட்டவன் என்ன செய்வான்? மறுபக்கம் சாய்வான். நானும் சாய்ஞ்சேன். அடுத்தடுத்த குறிப்பெல்லாம் அப்படியே ஒலிபெயர்ப்பு. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையைப் பிரிக்கிற பாடம் வந்தது. "பிளக்கைப் பிடுங்கிய பின் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்யவும்"னு எழுதினேன். இந்த வரியில என்ன குறைன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு அன்னிக்கு ஒண்ணும் தெரியலை.

ஒரு பையன் பிளக்கைப் பிடுங்கினான், மூடியைக் கழற்றினான், போர்டைக் கையில தூக்கினான். அடியில விரல் பட்டதும் ஒரே உதறல். போர்டு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். கட்டை விரல்ல ஒரு சின்னக் கருகல், அரைமணி நேர நடுக்கம், அதோட போச்சு. அதிர்ஷ்டம்தான். "எழுதிக் குடுத்தேனே, படிக்கலையா?"ன்னு கத்தினேன். "படிச்சேன் சார். டிஸ்சார்ஜ்னா வெளியே அனுப்புறது. பிளக்கைப் பிடுங்கிட்டேனே, கரன்ட்டு போயிடுச்சே" என்றான்.

அவனுக்குத் தெரிஞ்ச டிஸ்சார்ஜ் ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்புறது. கெப்பாசிட்டர்ங்கறது போர்டுல இருக்கிற ஒரு உருளைக்குப் பேர், அவ்வளவுதான். அது மின்சாரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்ங்கற செய்தி அந்தப் பேர்ல எங்கேயும் இல்லை. நான் பாடம் எடுத்தப்போ சொல்லியிருந்தேன், உண்மைதான். ஆனா போர்டைத் தூக்கற நேரத்துல பாடம் ஞாபகம் வராது. பேர்தான் ஞாபகம் வரும்.

எவ்வளவு தேங்கியிருந்ததுன்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு. அதை டையோடு வழியா ஒருபக்க ஓட்டமா ஆக்கினா, இந்த உருளை அலையோட உச்சி வரைக்கும் ஏறி நிக்கும். அது சுமார் 325 வோல்ட்டு. உருளையில 220 மைக்ரோஃபாரட்னு போட்டிருந்தது. ½CV² போட்டுப் பார்த்தா பதினொன்றரை ஜூல் சொச்சம். ஒரு கிலோ கல்லை ஒரு மீட்டருக்கும் கொஞ்சம் மேலே இருந்து கால்ல போட்ட மாதிரி. ஆனா கல் காலோட நிக்கும், இது நரம்புக்குள்ள போகும். ஒரு கையில நுழைஞ்சு மறு கையில வெளியேறினா நடுவுல இதயம் இருக்கு.

அன்னிக்கு ராத்திரி குறிப்பைத் திரும்ப எழுத உட்கார்ந்தேன். என்னையும் அறியாம வந்த வரி இது: "பிளக்கைப் பிடுங்கினாலும் இதுல தேங்கினது அப்படியே நிக்கும். அதை வடிச்சுட்டுத்தான் கை வைக்கணும்."

தேங்கினது, வடிக்கிறது. ஏரிப் பாசனத்துப் பேச்சு. அப்புறம்தான் உறைச்சது. நான் முதல் வாரம் எழுதி, பிறகு எறிஞ்சுட்ட 'மின்தேக்கி' இதே வினைக்குள்ளேயிருந்துதான் வந்திருக்கு. நீர்த்தேக்கம் மதகை மூடினாலும் தண்ணியோட நிக்கும்னு எந்தப் பையனுக்கும் யாரும் சொல்லித் தர வேண்டாம். மின்தேக்கின்னு ஒரு பேரை வச்சுட்டா எச்சரிக்கை அந்தப் பேருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

புதுக் குறிப்புல இருந்த முழு வழி இதுதான். பத்து கிலோ ஓம், அஞ்சு வாட் ரெசிஸ்டர் ஒண்ணு எடு. அதோட ரெண்டு காலிலயும் உறை போட்ட கம்பியைப் பத்த வை. மின்தேக்கியோட ரெண்டு காலுக்கும் குறுக்கே வச்சு 15 விநாடி பிடி. அப்புறம் மீட்டர்ல பாரு. 10 வோல்ட்டுக்குக் கீழே இருந்தா கை வை, இல்லேன்னா மறுபடி பிடி. ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வச்சுப் பொறி பறக்க விடாதே, முனையும் உருகும், கண்ணுலயும் தெறிக்கும். அந்த ரெசிஸ்டருக்கு இங்கிலீஷ்ல பிளீடர்னு பேரு. நான் வடிகால் ரெசிஸ்டர்னு எழுதினேன். ஒரு பையன்கூட அதுக்கு விளக்கம் கேட்கலை. பதினஞ்சு விநாடி எங்கே இருந்து வந்ததுன்னா, 220 மைக்ரோஃபாரடையும் பத்து கிலோ ஓமையும் பெருக்கினா 2.2 விநாடி. அதுல அஞ்சு மடங்கு போனாலே நூத்துல ஒரு பங்குகூட மிச்சம் இருக்காது. மிச்சமெல்லாம் என் பயத்துக்காகச் சேர்த்தது.

நிற்க. அப்போ அய்யா சொன்னதுதான் சரியா, எல்லாத்தையும் தமிழாக்கிடலாமான்னு கேட்டா, இல்லை. டிரான்ஸ்பார்மர் இங்கேதான் வேற கதை.

தமிழோட இயல்பு ஒண்ணைக் கவனிங்க. வெளியே இருந்து வந்த பெயர்ச்சொல்லைத் தமிழ் ஒரு வஞ்சனையும் இல்லாம ஏத்துக்கும். டிரான்ஸ்பார்மரில், டிரான்ஸ்பார்மருக்கு, டிரான்ஸ்பார்மரோடன்னு எல்லா வேற்றுமையும் வழுக்கிட்டுப் போய் ஒட்டிக்கும். ஆனா வினைச்சொல்லை ஏத்துக்காது. வாசல்லயே நிறுத்தி, கையில ஒரு 'பண்ணு'வையோ 'செய்'யையோ கொடுத்துத்தான் உள்ளே விடும். டிஸ்சார்ஜ் பண்ணு, சோல்டர் பண்ணு, ரெக்டிஃபை பண்ணு. அந்தப் 'பண்ணு' இருக்கே, அது ஒரு அடையாளம். இந்தச் சொல்லுக்குள்ள என்ன நடக்குதுன்னு படிக்கிறவனுக்குத் தெரியாது, நம்பி ஏத்துக்கிட்டான்னு அர்த்தம்.

அதனால நான் இப்போ செய்றது இதுதான். எழுதி முடிச்ச பக்கத்தை எடுத்து எங்கெல்லாம் 'பண்ணு', 'செய்யவும்' வருதுன்னு சுழிப்பேன். பெயர்ச்சொற்களை முதல்ல தொடவே மாட்டேன். சுழிச்ச இடத்துலதான் தமிழ் வேணும். சில சமயம் தமிழ் ஏற்கெனவே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. சோல்டருக்குப் பற்றாசுன்னு பழைய சொல் இருக்கு. தங்கவேலை செய்றவங்க இன்னிக்கும் பத்த வைக்கிறதுன்னுதான் சொல்றாங்க. 'பொடி வச்சுப் பேசுறான்'ங்கற பேச்சே அவங்க பட்டறைப் பொடிதான்னு சொல்வாங்க.

இந்தச் சோதனையை டிரான்ஸ்பார்மருக்கு வச்சுப் பாருங்க. யாராவது "230-ஐ 12-ஆ டிரான்ஸ்பார்ம் பண்ணு"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? 'இறக்கு', 'குறை', 'ஏத்து'ன்னுதான் சொல்வோம். வேலை செய்ற வினையெல்லாம் ஏற்கெனவே தமிழ்லதான் இருக்கு. ரெண்டு பக்கமும் கம்பிச் சுருள், நடுவுல இரும்புத் தகட்டு அடுக்கு, ஒரு பக்கம் 19 சுத்துக்கு மறுபக்கம் ஒரு சுத்துன்னு வச்சா 230 வோல்ட்டு 12 ஆகும். இதுல டிரான்ஸ்பார்மர்ங்கறது வெறும் பேர்ப்பலகை. அந்தப் பலகையை ஊருல எல்லாரும் படிச்சுட்டாங்க. எங்க பாட்டி 'டிரான்ஸ்பாரம்'னு சொல்லுவா. "டிரான்ஸ்பாரத்துல பீஸ் போயிடுச்சு, லைன்மேனுக்குச் சொல்லு"ன்னு அவ சொன்னா அது அவ சொல், இங்கிலீஷ்காரன் சொல் இல்லை.

மின்மாற்றி மோசமான சொல்லான்னா, இல்லை. பாடநூல்ல இருக்கு, பிள்ளைங்க படிக்கிறாங்க, இருக்கட்டும். ஆனா அது என்ன சொல்லுது? மின்சாரத்தை மாத்தும். எதை மாத்தும்? இன்வெர்ட்டரும்தான் மாத்துது, நேர்மின்சாரத்தை அலைமின்சாரமா. கன்வெர்ட்டரும் மாத்துது. செல்போன் சார்ஜருக்குள்ளே இருக்கிறதில் பாதி எதையாவது மாத்திக்கிட்டுதான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் பொருந்தற பேரை ஒருத்தருக்கு மட்டும் வச்சா தபால்காரர் என்ன செய்வார்? இன்வெர்ட்டருக்கு என்ன எழுதன்னு முழிக்கும்போதுதான் மின்மாற்றியோட சங்கடம் தெரியும். தேக்கிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அந்தப் போர்டுல தேக்கி வைக்கிறதையே தொழிலா வச்சிருக்கிறது அது ஒண்ணுதான். "பேட்டரி?"ன்னு நண்பன் உடனே கேட்டான். பேட்டரி உள்ளே ரசாயனத்தால உண்டாக்கித் தருது, போட்டதை அப்படியே நிறுத்தி வைக்கலை. அதனாலதான் அதைக் கலம்னு சொன்னாங்க, தேக்கின்னு சொல்லலை. சொல் உருவாக்கினவங்க அந்த இடத்துல யோசிச்சிருக்காங்க.

அய்யா கட்சியோட உண்மையான குற்றம் சொல் உருவாக்கறது இல்லை. பொருளைப் பார்க்காம இங்கிலீஷ் பேரைப் பார்த்து உருவாக்கறது. இருமுனையத்தையே எடுத்துக்கங்க. டையோடுங்கற சொல்லை 1919-ல வில்லியம் எக்கிள்ஸ் கிரேக்கத்துலேருந்து கட்டினார். 'டை'ன்னா ரெண்டு, 'ஓடு' வழி. அதைப் பார்த்து நாம ரெண்டு முனைன்னு ஆக்கிட்டோம். ரெசிஸ்டருக்கும் ரெண்டு முனை, மின்தேக்கிக்கும் ரெண்டு முனை, எங்க வீட்டு பல்புக்கும் ரெண்டு முனை. டையோடோட குணம் முனையிலயா இருக்கு? ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது, அதுதானே குணம்? திரிதடையம் இன்னும் மோசம். 1948-ல பெல் ஆய்வகத்துல அந்தப் புதுப் பொருளுக்குப் பேர் வைக்க வாக்கெடுப்பே நடத்தினாங்க. ஜான் பியர்ஸ் சொன்ன டிரான்சிஸ்டர் ஜெயிச்சுது. வாரிஸ்டர், தெர்மிஸ்டர்னு அப்போ இருந்த பேர்களோட வாலை வெட்டி ஒட்டின பேர். இங்கிலீஷ்காரனுக்கே அதுல பொருள் தெரியாது, அவனுக்கும் அது வெறும் ஓசைதான். அந்த ஓசைக்குள்ள தடையைத் தேடி நாம மொழிபெயர்க்கிறது வேண்டாத வேலை. டிரான்சிஸ்டர்னு எழுதிட்டு, சின்ன ஓட்டத்தை வச்சு பெரிய ஓட்டத்தை அடக்கி ஆளுதுன்னு தமிழ்ல விளக்குங்க. பாடநூல்லேயே டையோடு, டிரான்சிஸ்டர்னுதான் போடறாங்க, நல்ல காரியம்.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்போ, "எங்கட பாடத்திலை டிரான்ஸ்பார்மர் நிலைமாற்றி, கெப்பாசிட்டர் கொள்ளளவி" என்றார். நிலைமாற்றியில நான் மேலே சொன்ன குறை அப்படியே இருக்கு. கொள்ளளவி அளவைப் பார்த்து வச்ச பேர், தேக்கி வேலையைப் பார்த்து வச்ச பேர். கையில போர்டைத் தூக்கற பையனுக்கு எனக்குத் தேக்கிதான் வேணும். ஆனா பரீட்சைக்குப் படிக்கிறவனுக்குக் கொள்ளளவு, தேக்குத்திறன் ரெண்டுமே ஒரு குழியில தள்ளும். அதைச் சொல்லாம விட்டா நான் நேர்மையானவன் இல்லை. 220 மைக்ரோஃபாரட்னா '220 வரைக்கும் நிரம்பும், அப்புறம் வழியும்'னு பையன் நினைச்சுக்குவான். உண்மையில அது ஒரு வோல்ட்டு ஏத்தினா எவ்வளவு மின்னூட்டம் சேரும்ங்கற கணக்கு. குடத்தோட கொள்ளளவு இல்லை, குடத்தோட அகலம்னு வச்சுக்கங்க. வழியற இடம் உருளையில தனியா எழுதியிருக்கிற வோல்ட்டு எண். 'சார், நிறைஞ்சுடுச்சா'ன்னு பையன் கேட்டா இந்தக் குழியில விழுந்துட்டான்னு தெரிஞ்சுக்கலாம். இதுக்கு கெப்பாசிட்டன்ஸ்னு எழுதறது மருந்து இல்லை. அதே குழி இங்கிலீஷ் சொல்லுலயும் இருக்கு, என்ன, புரியாததால கண்ணுக்குத் தெரியாது.

நண்பன் கட்சிக்கு இப்போ வரேன். ஒலிபெயர்ப்பு குழப்பமே தராதுன்னு ஒரு நம்பிக்கை அவங்களுக்கு. பக்கத்து வீட்டு மாமா வீட்டுல ஏசி குளிரலை. மெக்கானிக் வெளி யூனிட்டைத் திறந்து பார்த்துட்டு "கண்டன்சர் போயிடுச்சு"ன்னு சொல்லிட்டு, சாமான் வாங்கக் கிளம்பிட்டார். மாமா நெட்டுல தேடிப் பார்த்துட்டு என்கிட்ட ஓடி வந்தார், பல ஆயிரம் ஆகுமாமே, புது ஏசியே வாங்கிடலாமான்னு. வெளி யூனிட்டுல கண்டன்சர்ங்கறது வளைஞ்சு வளைஞ்சு போற குழாய், தகடுகளோட, வாயு சூட்டை விட்டுத் திரவமாகிற இடம். அது ஓட்டையானா செலவுதான். ஆனா பெரியவர் மெக்கானிக், அந்தக் காலத்து ஆளு. அவர் கண்டன்சர்னு சொன்னது கம்ப்ரசர் மோட்டாரைக் கிளப்பற மின்தேக்கியை. வோல்ட்டா 1782-ல வச்ச பேர் கண்டன்சர்தான். கெப்பாசிட்டர்ங்கற பேர் இருபதாம் நூற்றாண்டுலதான் அதை ஓரங்கட்டுச்சு. நம்ம பட்டறைகள்ல பழைய பேரும் ஓயலை. பேன் மெதுவா சுத்தினா கடையில இன்னும் "ரெண்டரை கண்டன்சர் குடுங்க"ன்னு கேட்கிறவங்க உண்டு, 2.5 மைக்ரோஃபாரட்டைச் சொல்றாங்க. மாமா வீட்டு உருளை மேல்பக்கம் உப்பிப் போயிருந்தது. சில நூறு ரூபாயில வேலை முடிஞ்சுது. தேக்கின்னு ஒரு வார்த்தை, குளிர்விக்கிற சுருள்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா மாமாவுக்கு அன்னிக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்காது.

"சரிடா, கடையில போய் மின்தேக்கின்னு கேட்டா சிரிக்க மாட்டானா?" நண்பனோட கடைசி அஸ்திரம் இது. சிரிப்பான். அதனால முதல் முறை வர்ற இடத்துல 'மின்தேக்கி, கடையில கெப்பாசிட்டர்னு கேள், வயசான கடைக்காரரா இருந்தா கண்டன்சர்னும் கேட்டுப் பார்'னு ஒரே வரியில எழுதிடறேன். ரெண்டு பேர் தெரிஞ்சா பையன் மூளை வெடிச்சுடாது. வீட்டுல ஒரு பேர், ஸ்கூல்ல ஒரு பேர்னு வளர்ந்தவன்தானே அவன்?

என் சோதனை எல்லா இடத்துலயும் ஜெயிக்குதுன்னு சொல்லலை. ரெசிஸ்டர்ல தோத்துப் போச்சு. 'தடு' நல்ல வினை, பக்கத்து வீட்டோட குழப்பமும் இல்லை. என் கணக்குப்படி தமிழ்தான் போடணும். மின்தடைன்னு போட்டேன். "மின்தடை பத்து கிலோ ஓம்"னு படிச்சுட்டு ஒரு பொடியன் கேட்டான், "எந்த ஏரியாவுல சார்?" பேப்பர்ல தினமும் 'இன்றைய மின்தடை'ன்னு வருதே! மின்தடையாக்கின்னு நீட்டிப் பார்த்தேன், அது மின்வாரியத்தையே திட்டற மாதிரி இருந்தது. கடைசியில பொருளுக்கு ரெசிஸ்டர், குணத்துக்கு வெறும் 'தடை'ன்னு சமாதானமாப் போயிட்டேன். அய்யா இதைப் படிச்சா அடிப்பார், பரவாயில்லை.

அடுத்த வாரப் பக்கத்துல இன்டக்டர் வருது. பாடநூல்ல மின்தூண்டி. நான் விளக்கம் எழுதிப் பார்த்தா அது எதையும் தூண்டற மாதிரி வரலை. ஓட்டம் கூடினா கூட விடாம இழுக்குது, குறைஞ்சா குறைய விடாம தள்ளுது, முரண்டு பிடிச்ச மாடு மாதிரி. டியூப்லைட் காலத்துலேருந்து கடையில சோக்குன்னு சொல்றாங்க, அதுவும் பாதிப் பொருளுக்குத்தான் பொருந்தும். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ளே நகலெடுக்கணும். நல்ல வினை ஒண்ணு கிடைச்சா பின்னூட்டத்துல போட்டுட்டுப் போங்க. கிடைக்கலைன்னா இன்டக்டர்னே போட்டுடுவேன்.

பி.கு: டிரான்ஸ்ஃபார்மரா, டிரான்ஸ்பார்மரான்னு கேட்டு யாரும் வர வேண்டாம். வடசொல்லை எடுக்கும்போது வடவெழுத்தை விட்டுட்டுத் தமிழெழுத்துல எழுதிக்கோன்னு தொல்காப்பியமே எச்சவியல்ல வழி விட்டிருக்கு. ஃபாரடுக்கு ஆய்தம் போட்டிருக்கேன். மைக்கேல் பாரடேன்னு அந்தப் பெரிய மனுஷனைக் கூப்பிட வாய் வரலை.